24 பிக்சல் முகத்தை வைத்து எவ்வளவு சொல்லலாம்?

இரண்டு படங்களை நீட்டி "இவரும் அவரும் ஒரே ஆள்தானா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு சதவீதத்தை எதிர்பார்க்கிறார்கள். பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, யார் எவர் என்று பார்த்து அடுக்கி வைப்பது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். "எண்பது சதவீதம் அவர்தான்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அந்த எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. இரண்டு முகங்களும் என் கண்ணுக்கு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது ஒன்று. ஒத்துப்போகிறதா இல்லையா என்று காட்டும் அளவுக்கு அந்தப் படத்தில் விவரம் இருக்கிறதா என்பது இன்னொன்று. படம் தெளிவாக இருந்தால் இந்த இரண்டும் பிரிய வேண்டியதில்லை. படம் பொடியாகவும் மங்கலாகவும் இருக்கும்போதோ முதலாவது எகிறி நிற்கும், இரண்டாவது தரையில் கிடக்கும். கேட்டவர் காதில் விழுவது மட்டும் ஒரே ஓர் எண்.

இதை விளக்க ஒரு குறிப்பிட்ட படத்தைப் பற்றிச் சொல்வதுதான் சரி. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தன் பெரியப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். இளவயதில் வீட்டை விட்டுப் போனவர். பிறகு நாற்பது வயதில் எடுத்துக்கொண்ட ஒரு ஸ்டூடியோ படத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இடைப்பட்ட காலத்தில் எங்கிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் குழுப்படம் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு முகம். அதைக் கைபேசித் திரையில் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பினார். "தம்பி, நீ எத்தனையோ படம் பாக்குறவன். இது பெரியப்பாதானே?"

முதல் பார்வையில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நெற்றி, புருவம், முகத்தின் நீளம் எல்லாம் பொருந்தின. ஆனால் அந்தத் தோற்றத்துக்கு அந்தப் படம் எவ்வளவு பொறுப்பு, என் மனம் எவ்வளவு பொறுப்பு என்பதுதான் கேள்வி.

முதலில் படத்தை அளப்பது

வந்த படம் 480 பிக்சல் அகலம். பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கைபேசித் திரையில் விரல்களால் விரித்துப் பெரிதாக்கிய படத்தில் புதிதாக எந்த விவரமும் சேராது. இருக்கும் புள்ளிகளுக்கு நடுவே கைபேசி வழவழப்பாக நிரப்பிவிடுகிறது, அவ்வளவுதான். உண்மையான விவரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. படத்தைப் பாதியாகச் சுருக்கி, மறுபடி பழைய அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால், அந்தப் பாதி முதலிலேயே வெற்றுதான். இன்னும் சுருக்குங்கள். எந்த இடத்தில் முகம் உண்மையிலேயே மாறத் தொடங்குகிறதோ, அதுதான் படத்தின் நிஜ அளவு. அக்கா அனுப்பிய முகம் 24 பிக்சல் அகலம் வரை சுருக்கியும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

24 பிக்சல் என்றால் என்ன? பெரியவர்களின் இரண்டு கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும், முகத்தின் அகலம் சுமார் 140 மில்லிமீட்டர். ஆகவே இந்தப் படத்தில் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 11 பிக்சல். கடவுச்சீட்டுப் படங்களுக்கான சர்வதேச வரையறையில் இந்த இடைவெளி குறைந்தது 90 பிக்சல் என்று வைத்திருக்கிறார்கள். ஜேபெக் கோப்பு படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த முகத்தின் குறுக்கே மூன்றே கட்டங்கள்தான். சுருக்கம் அதிகமானால் ஒவ்வொரு கட்டத்திலும் மிஞ்சுவது ஒரு சராசரிச் சாம்பல் நிறமும் ஏதோ ஒரு சரிவும். "பொருந்துகிறது" என்று நான் நினைத்த புருவம், அந்தக் கட்டங்களில் ஒன்றின் மேல்பாதி இருட்டாக இருந்ததுதான்.

ஸ்டூடியோ படத்தில் பெரியப்பாவின் இடது கன்னத்தில், மூக்கோரமாக ஒரு மச்சம் தெளிவாகத் தெரியும். அதன் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர். குழுப்படத்தின் முகத்தில் அது இல்லை. அக்காவைத் தயங்கவைத்ததும் அதுதான். ஆனால் 140 மில்லிமீட்டருக்கு 24 பிக்சல் என்றால் 5 மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல்கூட வராது. அந்த மச்சம் இருந்திருந்தாலும் படத்தில் தெரிந்திருக்காது. இந்த இடத்தில் "மச்சம் இல்லை" என்று எழுதுவது தவறு. "மச்சம் இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை" என்பதே சரி. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பத்தைப் போல வேறெதுவும் இந்த வேலையில் என்னை வருத்தியதில்லை. ஒப்பிடும்போது நான் வைத்திருக்கும் தாளில் ஒவ்வோர் அம்சத்துக்கும் எதிரே ஒத்திருக்கிறது, வேறுபடுகிறது, தெரியவில்லை என்று மூன்று பத்திகள் உண்டு. மங்கலான படத்தில் மூன்றாவது பத்திதான் நிரம்பும். நிரம்பவில்லை என்றால், பார்ப்பவர் படத்தில் இல்லாததையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அந்தத் தாளை எந்த வரிசையில் நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். மோசமான படத்தைத்தான் முதலில் தனியாகப் பார்க்க வேண்டும். காது தெரிகிறதா, மூக்கின் நுனி தெரிகிறதா, முடிக்கோடு தெரிகிறதா என்று எழுதி முடித்த பிறகே தெளிவான படத்தைத் திறக்க வேண்டும். தெளிவான முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டால், அதிலிருக்கும் மூக்கை மங்கலான முகத்தின் மீது மனமே வரைந்துகொள்ளும். தடயவியலில் கைரேகை, முகம் எல்லாவற்றுக்கும் இந்த ஒழுங்கை வலியுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது நியாயம்தான்.

அடையாளம் தெரிவதும் ஒப்பிடுவதும்

இதைச் சொன்னபோது அக்கா ஒரு நல்ல கேள்வி கேட்டார். "எவ்வளவு மங்கலா இருந்தாலும் எங்க அம்மாவை எனக்குத் தெரியுமே?" உண்மைதான், தெரியும். 1973-இல் லியோன் ஹார்மன், பேலா யூலெஸ் என்ற ஆய்வாளர்கள் ஆபிரகாம் லிங்கனின் படத்தைச் சில நூறு சதுரங்களாக உடைத்துக் காட்டினார்கள். சற்றுத் தள்ளி நின்று பார்த்தாலோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ லிங்கன் தெரிவார். அதை வைத்துப் "பொடிப் படமே போதும்" என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். ஆனால் அங்கே லிங்கன் தெரிவது, பார்ப்பவருக்கு லிங்கனை முன்பே தெரியும் என்பதால்தான்.

1999-இல் மைக் பர்ட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தரம் குறைந்த கண்காணிப்புக் கேமரா காட்சிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். காட்சியில் வந்த ஆசிரியர்களை ஏற்கெனவே அறிந்த மாணவர்கள் மிக நன்றாக அடையாளம் கண்டார்கள். அறியாதவர்கள் திணறினார்கள். அந்த அறியாதவர்களில் அனுபவமுள்ள காவல்துறையினரும் இருந்தார்கள், அவர்களும் மற்றவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. அதே ஆண்டு விக்கி புரூஸ் குழுவினரின் இன்னொரு ஆய்வு வந்தது. அதில் படங்கள் எல்லாமே நல்ல தரம், நேர்முகம். ஒரு முகத்தைக் காட்டி, பத்து முகங்களில் அவர் யார் என்று கேட்டார்கள். முன்பின் அறியாத முகங்கள் என்பதால், சுமார் பத்துக்கு மூன்று தடவை விடை தவறியது. நல்ல படத்திலேயே நிலைமை அது.

அக்கா தன் பெரியப்பாவை நேரில் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் நடந்தது அடையாளம் தெரிவது அல்ல, இரண்டு அந்நிய முகங்களை ஒப்பிடுவது. ஆனால் அந்த ஸ்டூடியோ படத்தைச் சிறுவயதிலிருந்து சுவரில் பார்த்தே வளர்ந்தவர் அக்கா. அதனால் ஓர் ஆளைத் தெரிந்த உணர்வு அவருக்கு இருந்தது. உண்மையில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு படம். பாதுகாப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி 62676-4 என்ற தரநிலையின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இந்தப் பிரிவு இருந்தது. தெரிந்த ஆளை "அவர்தான்" என்று சொல்ல, காட்சியில் ஒரு மீட்டருக்கு 125 பிக்சல். முன்பின் தெரியாதவரை ஐயமின்றி நிறுவ 250 பிக்சல். நம் குழுப்படத்து முகத்தைக் கணக்கிட்டால் மீட்டருக்கு 170 சொச்சம் வருகிறது. தெரிந்தவருக்குப் போதும், எங்களுக்குப் போதாது. இந்த எண்கள் கேமராவை எங்கே மாட்டுவது என்று திட்டமிடுவதற்கானவை. ஒளியும் அசைவும் குவியமும் கெட்டிருந்தால் 250 இருந்தும் பயனில்லை. இருந்தாலும் எந்த ஊகமும் தொடங்கும் முன் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்ட இவை உதவும்.

மற்றவர்களையும் மங்கலாக்கிப் பார்த்தல்

என் கருத்து திடமாக மாறியது அடுத்து செய்த ஒரு சோதனையில்தான். ஒரு மங்கலான படமும் ஒரு தெளிவான படமும் இருந்தால், மங்கலானதைத் தெளிவாக்கப் பார்ப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது எதிர்த்திசை. கூர்மையாக்கினால் விளிம்புகளில் வெள்ளைக் கோடுகள் முளைத்து சுருக்கங்கள் போலத் தெரியும். பழைய முகங்களைப் பளிச்சென்று மாற்றித்தரும் செயலிகளோ, பொதுவாக முகங்கள் எப்படி இருக்கும் என்பதிலிருந்து ஒரு முகத்தை ஊகித்து ஒட்டுகின்றன. அதில் தெரியும் இமையும் உதடும் படத்திலிருந்து வந்தவை அல்ல. செய்ய வேண்டியது, தெளிவான படத்தை மங்கலானதன் தரத்துக்கு இறக்குவது. அதோடு நிற்காமல், சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களின் தெளிவான படங்களையும் அதே தரத்துக்கு இறக்க வேண்டும். ஏறக்குறைய அதே வயது, அதே மீசை, அதே முடிவாரல், அதே திசையிலிருந்து விழும் ஒளி. முகத்தை ஒரே மாதிரி வெட்டியெடுத்த பிறகு இமேஜ்மேஜிக் என்ற படம் திருத்தும் மென்பொருளில் இப்படிச் செய்யலாம்:

```
magick thelivu.jpg -resize 24x -quality 50 siru.jpg
magick siru.jpg -filter point -resize 480x paarkka.png
```

முதல் வரி முகத்தை 24 பிக்சலுக்கு இறக்குகிறது. இரண்டாவது வரி, வழவழப்பு எதுவும் சேர்க்காமல் அதே புள்ளிகளைப் பெரிய சதுரங்களாகக் காட்டுகிறது.

அப்படி இறக்கிய முகங்களை ஒரே தாளில் வரிசையாக வைத்து அக்காவிடம் கொடுத்தேன். அதில் பெரியப்பாவும் உண்டு. நடுவில் குழுப்படத்து முகம். "இவர்களில் யார் நடுவில் இருப்பவரைப் போல இருக்கிறார்கள்?" அவர் வெகுநேரம் பார்த்தார். பெரியப்பாவைத் தொட்டார். அப்புறம் இன்னொருவரையும், அதற்கப்புறம் மற்றொருவரையும் தொட்டார். "இவங்களும் அவர் மாதிரிதான் இருக்காங்க" என்றார் மெதுவாக.

இதுதான் நான் முன்பு சொன்ன அந்த இரண்டாவது சங்கதி, கண்ணால் பார்க்கக்கூடிய வடிவத்தில். ஓர் ஒற்றுமையை எடைபோட இரண்டு கேள்விகள் வேண்டும். இவர் அவராகவே இருந்தால் இந்த ஒற்றுமை எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது? இவர் வேறு யாரோவாக இருந்தால் இதே ஒற்றுமை எவ்வளவு எளிதாக வந்திருக்கும்? முதல் கேள்வியை எல்லோரும் தானாகவே கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைக் கேட்பதில்லை. படம் பொடியாகப் பொடியாக இரண்டாவதன் விடை ஏறிக்கொண்டே போகும், ஏனென்றால் 24 பிக்சலில் அந்த வயது, மீசை, ஒளி கொண்ட யாருமே யாரைப் போலவும் ஆகிவிடுகிறார்கள். அங்கே முகம் எவ்வளவுதான் பொருந்தினாலும் அதன் எடை கூடாது. சரி, "இது அவர் இல்லை" என்று சொல்வதாவது எளிதா என்றால், அதுவும் இல்லை. அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும். தலை சற்றுக் குனிந்தால் நெற்றி நீளும். இடையில் இருபது ஆண்டு வேறு. முகத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளந்து விகிதம் போட்டு முடிவு சொல்லும் முறையை முக ஒப்பீட்டு வல்லுநர்களின் பணிக்குழுவே பரிந்துரைப்பதில்லை. 11 பிக்சல் இடைவெளியை இரு பக்கமும் ஒரு பிக்சல் தவறாகக் குறித்தாலே கணக்கு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும்.

வெட்டியதைத் திரும்பக் கேட்பது

வெட்டப்பட்ட படம் இன்னொரு வகையில் தீர்ப்பைக் கெடுக்கிறது. மங்கல், விவரத்தைக் குறைக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். வெட்டு எதைக் கொண்டுபோனது என்று தெரியவே தெரியாது. அக்கா முகத்தைக் கன்னம் ஒட்ட வெட்டியிருந்தார், அதில் இடது காது போயிருந்தது. காதின் வடிவம் ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும். முகபாவத்தால் மாறாது. ஒப்பிடுவதற்கு அருமையான உறுப்பு. பக்கத்தில் நிற்பவர்களின் முகங்களும் போயிருந்தன. ஒரு நிழலோ நீண்ட நெற்றியோ அந்த ஆளுடையதா, லென்ஸும் ஒளியும் சேர்ந்து எல்லோருக்கும் செய்ததா என்று அக்கம்பக்கத்து முகங்கள்தான் சொல்லும். படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று காட்டும் சட்டைப் பொத்தான்களும் போயிருந்தன. ஆண்களின் சட்டையில் வழக்கமாக இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மடியும். நெகட்டிவை முன்பின் திருப்பி வைத்து அச்சிட்டிருந்தால் அது மாறித் தெரியும். மச்சம் எந்தக் கன்னம் என்று பேசும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

முழுப்படத்தைக் கேட்டு வாங்கினேன். 1000 பிக்சல் அகலம். அச்சுப் பிரதி பத்து அங்குலம் என்று அக்கா விசாரித்துச் சொன்னார். அப்படியானால் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான் எங்களுக்கு வந்திருக்கிறது. அச்சில் அந்த முகம் 6 மில்லிமீட்டர் இருக்கும். அதே பிரதியை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் முகம் 140 பிக்சலைத் தாண்டும், மச்சத்துக்கு 5 பிக்சல் கிடைக்கும். படத்தில் விவரம் இல்லை என்பது வேறு, நமக்கு வந்த பிரதியில் இல்லை என்பது வேறு. நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை, மூலத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது. பாதிக் கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இது தீரவில்லை. புது ஸ்கேனில் பொத்தான்கள் சரியான பக்கம் இருந்தன. காதின் கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது, பெரியப்பாவுக்கும் அப்படியே. ஆனால் ஒட்டிய மடல் உலகில் ஏராளமானவர்களுக்கு உண்டு. மூக்கோரத்தில், இருக்க வேண்டிய இடத்திலேயே, ஒரு கரும்புள்ளியும் தெரிந்தது. அக்கா துள்ளிவிட்டார். நான் பின்சுவரைக் காட்டினேன். அங்கேயும் அதே அளவில் கரும்புள்ளிகள். பிரதியின் மேல் கிடந்த தூசை ஊதித் துடைத்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னோம். சில புள்ளிகள் போயின, சுவரில் சில நின்றன, முகத்துப் புள்ளியும் நின்றது. அச்சிடும்போது நெகட்டிவ் மேலிருக்கும் தூசு வெள்ளைப் புள்ளியாக விழும். படமெடுத்த நேரத்தில் ஃபிலிம் மேலிருந்த தூசு கருப்பாக விழும். ஆகவே அது மச்சமாகவும் இருக்கலாம், அன்றைய தூசாகவும் இருக்கலாம். அதே நாளில் எடுத்த இன்னொரு படம் கிடைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், ஏனென்றால் தூசு அடுத்த படத்தில் அதே கன்னத்தில் உட்காராது. அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

எழுதிக் கொடுத்த வாக்கியம்

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "இரண்டு படங்களிலும் இருப்பவர் ஒருவரே என்பதற்கு இந்த ஒப்பீடு சிறிதளவு ஆதரவு தருகிறது. காது மடலும் கன்னத்தில் ஒரு புள்ளியும் ஒத்திருக்கின்றன, அந்தப் புள்ளி படத்தின் குறையாகவும் இருக்கலாம். கண், வாய் ஆகியவற்றின் நுண்விவரங்கள் தெரியவில்லை. மறுக்கும் அம்சம் எதுவும் தெரியவில்லை, ஆனால் பல அம்சங்களைப் பார்க்கவே முடியவில்லை. அதே நிகழ்வின் இன்னொரு படம் கிடைத்தால் இந்த முடிவு எந்தப் பக்கமும் மாறலாம்." சதவீதம் போடவில்லை. அந்த எண்ணைத் தர, ஒட்டிய மடலும் அப்படியொரு புள்ளியும் எத்தனை பேருக்குச் சேர்ந்து வரும் என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். இல்லாத கணக்கிலிருந்து வரும் எண், "எனக்குத் தோன்றுகிறது" என்பதைத் துல்லியம்போலக் காட்டிவிடும்.

எச்சரிக்கையை முடிவிலிருந்து தனியாக எழுதாமல் அதே மூச்சில் எழுதியதற்குக் காரணம் உண்டு. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரைக் கைது செய்தார்கள். கடைத் திருட்டு ஒன்றின் மங்கலான கேமராக் காட்சியை முகம் பொருத்தும் மென்பொருள் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு இணைத்திருந்தது. அந்த அறிக்கையிலேயே, இது உறுதியான அடையாளம் அல்ல என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. இருந்தும் அவர் சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். கேமராப் படத்தைத் தன் முகத்தருகே தூக்கிப் பிடித்து, இது நான் இல்லை என்று அவரே காட்ட வேண்டியிருந்தது. பெரிய எழுத்தில் இருந்த எச்சரிக்கை தாளின் ஒரு மூலையில் நின்றுவிட்டது, பெயரும் படமும் மட்டும் நகர்ந்து போயின.

குடும்பப் படங்களிலும் அதேதான் நடக்கிறது. "ஒருவேளை" என்ற சொல் ஒரு தடவை பகிரும்போது உதிரும், அடுத்த தலைமுறையில் அது வெறும் பெயராகிவிடும். அதனால் கோப்பின் பெயரிலேயே "உறுதியில்லை" என்று சேர்த்துக் கொடுத்தேன். படத்தின் கீழ்விளிம்பில் எழுதும் வரியிலும் பெயருக்கு முன்னால் அதைப் போட்டேன், பின்னால் போட்டால் யாராவது வெட்டிவிடுவார்கள். அக்காவுக்கு முதலில் வருத்தம்தான். "ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். பிறகு அந்தக் குழுப்படத்தில் நின்ற மற்றவர்களின் குடும்பங்களை ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கிவிட்டார். யாரிடமாவது அன்றைக்கு எடுத்த இன்னொரு படம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்.